ஒரு ஜிபியில் ஒரு நாள் பாட்டு

திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் பதினோரு பேர். காலை எட்டரைக்கு ஷிப்டு தொடங்கியதும் மேஜை நடுவில் ஒரு போன் வைக்கப்படும், பாட்டு ஓடும். அது பெரும்பாலும் ஓர் அக்காவின் போன். அவருடைய திட்டத்தில் ஒரு நாளைக்கு ஒரு ஜிபி. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் அது தீர்ந்துவிடும்.

பாட்டு நின்றுபோனது மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒருநாள் மூன்று மணிக்குக் கழுத்துப்பட்டையின் அளவு மாறிவிட்டதென்று புதிய அளவுத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் போனில் அது திறக்கவே இல்லை. பழைய அளவை வைத்தே பார்த்து அனுப்பிய பீஸ்களை மாலையில் கட்டுப் பிரித்து மறுபடியும் பார்க்க வேண்டியதாயிற்று. அன்றன்றைய டேட்டா தீர்ந்தபின் நம் ஊர்த் திட்டங்கள் பலவற்றில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆக இறங்கிவிடும். அந்த வேகத்தில் 3 எம்பி அளவுள்ள ஒரு பிடிஎஃப் இறங்க, வேறு எந்தச் செயலியும் குறுக்கே வராமல் இருந்தாலே, ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். பின்னால் நாலைந்து செயலிகள் ஓடிக்கொண்டிருக்கும் போனில் அது இறங்காது என்றே வைத்துக்கொள்ளலாம்.

அன்று மாலை அக்கா கேட்டார்: "ஏனுங்க தம்பி, பாட்டு கேட்டதுக்கா ஒரு ஜிபியும் போச்சு?"

"பாட்டுக்குப் போகலீங்கக்கா, படத்துக்குப் போச்சு" என்றேன்.

அவர் போனில் ஓடியது யூடியூப். கை துணியில், கண் தையலில். திரையை ஒருவரும் பார்க்கவில்லை. ஆனாலும் காட்சி முழுவதும் இறங்கிக்கொண்டே இருந்தது. இலவசமாகப் பயன்படுத்துகிறவர்களுக்குத் திரையை அணைத்தால் யூடியூபில் பாட்டு நின்றுவிடும் என்பதால் திரையும் எரிந்தபடியே கிடந்தது. போனின் அமைப்புகளில் `App data usage` என்று ஒரு பகுதி உண்டு. ஒரு மணி நேரப் பாட்டுக்கு முன்னும் பின்னும் அதைத் திறந்து பார்த்தோம். யூடியூபின் கணக்கில் சுமார் 230 எம்பி கூடியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு 920 எம்பி. மீதியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வீடியோக்கள் தின்றிருந்தன. மதிய மணிக்குள் ஒரு ஜிபி காலியானதற்குக் கணக்கு சரியாக இருந்தது.

நீங்களும் முதலில் இந்த ஒரு மணி நேர அளவை எடுங்கள். அதை எடுக்காமல் அமைப்புகளை மாற்றுவது, நாடா வைக்காமல் துணி வெட்டுவது போல. பலர் பாட்டைக் குறை சொல்வார்கள்; திறந்து பார்த்தால் முதலிடத்தில் ரீல்ஸ் நிற்கும்.

ஒலிக்கு மட்டும் எவ்வளவு ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பாட்டுச் செயலிகள் ஒலியின் தரத்தை கேபிபிஎஸ் என்ற அளவில் சொல்லும். ஒரு நொடிப் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் இறங்குகிறது என்பது அதன் பொருள். அந்த எண்ணை 0.45 ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு ஆகும் எம்பி கிடைத்துவிடும். மனக்கணக்காகவே போடலாம்: பாதியாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள்.

ஸ்பாட்டிஃபையை எடுத்துக்கொள்வோம். அதில் `Low` என்பது 24, `Normal` 96, `High` 160, `Very high` 320. முதலாவதில் மணிக்குச் சுமார் 11 எம்பி, இரண்டாவதில் 43, மூன்றாவதில் 72, கடைசியில் 144. எங்கள் பிரிவில் சாப்பாடும் டீயும் போக ஒன்பது மணி நேரம் பாட்டு ஓடும். `Very high` என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1,300 எம்பி; ஒரு ஜிபிக்குள் அடங்காது. `Normal` என்றால் 390 எம்பிக்குள் முடிந்துவிடும். `Low` என்றால் நூறைக்கூடத் தொடாது.

இதில் எதை வைப்பது? சிறிய ஸ்பீக்கர், பக்கத்தில் ஓவர்லாக் மிஷின் இரைச்சல் என்றால் 96-க்கும் 320-க்கும் வித்தியாசம் சொல்ல ஆள் கிடையாது. நாங்கள் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டோம்; பதினோரு பேரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் 24-க்கு இறக்கினால் தெரிகிறது. பாடுகிறவர் குரல் பரவாயில்லை. வயலின் கூட்டமாக எழும் இடத்திலும் ஜால்ரா ஒலிக்கும் இடத்திலும் தண்ணீருக்குள் இருந்து வருவது போல் குழைந்துவிடுகிறது. இளையராஜா பாட்டில் அந்த வயலின்தான் வேண்டும் என்பவர்களுக்கு அது ஆகாது. வேலை நேரத்துக்கு 96 போதும், டேட்டா குறைந்துபோன நாளின் கடைசி இரண்டு மணி நேரத்துக்கு 24 என்பது என் தீர்ப்பு.

அமைப்புகளில் `Automatic` என்று ஒன்று இருக்கும். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள், மாற்றுங்கள். சிக்னல் நன்றாகக் கிடைத்தால் அது தானாகத் தரத்தை ஏற்றிக்கொள்ளும். டேட்டா குறைவாக இருக்கிறதே என்று அது பார்ப்பதில்லை. வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் செயலி தனித்தனியாகத் தரம் கேட்கும். வைஃபைக்கானதை மட்டும் குறைத்துவிட்டு "குறைத்தேனே, ஏன் தீர்கிறது" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாட்டோடு சின்ன வீடியோத் துண்டு சுற்றிச் சுற்றி ஓடும் `Canvas` என்பதையும் அணைத்துவிடுங்கள். யூடியூப் மியூசிக்கில் இதே வேலைக்கு `Audio quality on mobile network` என்ற இடத்தைத் தேடுங்கள்.

யூடியூபை விட மனமில்லை, பிடித்த தொகுப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது என்றால், அதற்கும் வழி உண்டு. பாட்டு ஓடும்போது பற்சக்கரக் குறியைத் தொட்டு, `Quality` வழியாக 144p வைத்துவிடுங்கள். படக்காட்சி ஓடும் வீடியோவைத் தவிர்த்து, ஒரே படம் அசையாமல் நிற்கும் ஜூக்பாக்ஸ் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். படம் மாறாதபோது புதிதாக அனுப்ப ஒன்றுமில்லை. காட்சிக்கான செலவு மிகவும் சுருங்கி, பெரும்பாலும் ஒலியின் செலவே மிஞ்சும்.

பாட்டைப் பாதியில் தள்ளுவதும் கணக்கில் ஏறும். செயலிகள் பாட்டு ஓடும் வேகத்தோடு நிதானமாக இறக்குவதில்லை. நடுவில் சிக்னல் போனாலும் நிற்காதிருக்க முன்கூட்டியே இறக்கி வைத்துவிடும். அரை நிமிடம் கேட்டுவிட்டு "இது வேண்டாம்" என்று அடுத்ததுக்குப் போனால், கேட்காத பகுதிக்கும் டேட்டா போயிருக்கும். பதினோரு பேர் ஆளுக்கொரு பாட்டு கேட்டு மாற்றிக்கொண்டே இருந்த நாட்களில் எங்கள் செலவு கூடுதலாகத்தான் இருந்தது. பிறகு அக்காவே நாற்பது பாட்டுகளில் ஒரு பட்டியல் போட்டார். ஒரே பட்டியல் சுற்றி வரும்போது, ஒருமுறை இறங்கிய பாட்டைச் செயலி போனிலேயே தற்காலிகமாகச் சேமித்து வைத்திருக்கும்; போனில் இடம் இருக்கும்வரை இரண்டாம் சுற்றில் டேட்டா குறையும். போனில் இடம் வேண்டுமென்று தினமும் `Clear cache` அழுத்துகிறவர்கள் இந்த லாபத்தைத் தாங்களே அழிக்கிறார்கள்.

மாதச் சந்தா கட்டியவர்களுக்கு இன்னொரு வழி. தினசரி டேட்டா நள்ளிரவு பன்னிரண்டுக்குப் புதுப்பிக்கப்படும். அன்றைய மீதம் பெரும்பாலான திட்டங்களில் அப்படியே போய்விடும். இரவு பதினொன்றுக்கு 300 எம்பி மிச்சமிருந்தால் அதை நாளைய பாட்டாக மாற்றிவிடலாம். 96 கேபிபிஎஸ் தரத்தில் நாலரை நிமிடப் பாட்டு மூன்றேகால் எம்பி; 300 எம்பிக்குத் தொண்ணூறு பாட்டுகள் இறங்கும். மொபைல் டேட்டாவில் இறக்கும் அனுமதி வழக்கமாக அணைத்தே இருக்கும், அதைத் திறக்க வேண்டும். இறக்கி முடித்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

பிசகுகிற இடங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று ஹாட்ஸ்பாட். டேட்டா தீர்ந்தவர் பக்கத்து மேஜைக்காரரிடம் ஹாட்ஸ்பாட் வாங்கினால், வாங்கியவருடைய போன் அதை வைஃபை என்று எடுத்துக்கொள்ளும். உடனே பாட்டு வைஃபைக்கான உயர்ந்த தரத்துக்குத் தாவும். சில நேரம் ப்ளே ஸ்டோர் அப்டேட்டும் போட்டோ பேக்கப்பும் சேர்ந்து கிளம்பும். கொடுத்தவரின் ஒரு ஜிபி அரை மணியில் போய், நட்புக்கே கேடாக முடியும். வாங்குகிறவர் தன் போனில் அந்த வைஃபையின் விவரத்தைத் திறந்து `Treat as metered` என்று குறித்துவிட வேண்டும். பாட்டுச் செயலியில் வைஃபைத் தரத்தையும் `Normal` ஆக்கிவிட வேண்டும். கடன் வாங்கிய டேட்டாவுக்கு அந்த மரியாதை உண்டு.

இன்னொன்று, ஆண்ட்ராய்டில் உள்ள `Data Saver`. திரைக்குப் பின்னால் ஓடும் செயலிகளின் டேட்டாவை அது நிறுத்துகிறது, நல்ல வசதிதான். ஆனால் சில போன்களில் திரை அணைந்ததும் பாட்டையும் சேர்த்து நிறுத்திவிடும், வாட்ஸ்அப் செய்தியும் தாமதமாகும். அப்படி நடந்தால் வசதியை அணைக்க வேண்டாம். `Unrestricted data` பட்டியலில் பாட்டுச் செயலியையும் வாட்ஸ்அப்பையும் மட்டும் சேர்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பிற்குள்ளேயே `Media auto-download` என்ற இடத்தில், மொபைல் டேட்டாவுக்கு வீடியோவை எடுத்துவிட்டுப் படத்தையும் கோப்பையும் மட்டும் விடலாம். நான் அனுப்பும் அளவுத் தாள் வந்துவிடும். குடும்பக் குழுவின் காலை வணக்க வீடியோ காத்திருக்கும்.

டேட்டாவே வேண்டாத வழியையும் மறக்க வேண்டாம். எஃப்எம் வசதியுள்ள போனில், வயர் ஹெட்போனைச் செருகினால் அதன் வயரே ஏரியலாகி வானொலி பாடும். ஒரு எம்பியும் செலவில்லை. புளூடூத் ஹெட்போனில் அந்த வயர் இல்லாததால் இது நடக்காது. பெரும்பாலான போன்களில் வயரைச் செருகிவிட்டு ஒலியை ஸ்பீக்கருக்கு மாற்றிக்கொள்ளலாம். எங்கள் பிரிவில் இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் எஃப்எம்தான்.

சென்ற வாரம் ஒருநாள் இரவு எட்டரைக்கு, மிஷின்கள் நின்றபின், அக்காவின் போனை வாங்கிக் கணக்குப் பார்த்தேன். பாட்டுக்கு ஏழு மணி நேரம், 96 கேபிபிஎஸ், 290 எம்பி. வாட்ஸ்அப், ஜிபே, மற்றதெல்லாம் சேர்த்து 160. வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் கையில் அரை ஜிபிக்கு மேல் மீதமிருந்தது.