ஓடாத ஸ்கிரிப்ட் தானாகச் சொல்லாது

புது வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பழைய சர்வர் உங்கள் கைக்கு வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். `crontab -l` என்று அடித்தால் ஏழெட்டு வரிகள் தெரிகின்றன: இரவு பேக்கப், காலை அறிக்கை, பழைய கோப்புகளை நீக்கும் வேலை. "எல்லாம் ஓடிட்டுதான் இருக்கு" என்கிறார்கள் குழுவில். எப்படித் தெரியும் என்று கேளுங்கள். "பிரச்சினைன்னா மெயில் வருமே" என்பார்கள்.

மெயில் எப்போது வரும்? ஸ்கிரிப்ட் தொடங்கி, நடுவில் தடுக்கி, பிழைச் செய்தியைக் கக்கினால் வரும். தொடங்கவே இல்லையென்றால் மெயில் அனுப்ப அங்கே யாரும் இல்லை. எல்லாம் சரியாக ஓடினாலும் மெயில் வராது, எதுவுமே ஓடாவிட்டாலும் மெயில் வராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே அமைதிதான்.

கிரான் வேலை அடியோடு நின்றுபோகும் வழிகள் பெரும்பாலும் சின்னச் சின்னவை. சர்வரைப் புதிதாக நிறுவும்போது நிரலையும் டேட்டாபேஸையும் மாற்றிவிட்டு கிரான் பட்டியலை மறந்துவிடுவார்கள். `crontab -e` என்று அடிக்க வேண்டிய இடத்தில் பக்கத்து எழுத்தில் விரல் பட்டு `crontab -r` ஆகிவிட்டால், வழக்கமான லினக்ஸில் ஒரு கேள்வியும் கேட்காமல் மொத்தப் பட்டியலும் அழிந்துபோகும். டெபியன், உபுண்டு சர்வர்களில் `/etc/cron.d` அடைவில் வைக்கும் கோப்பின் பெயரில் ஒரு புள்ளி இருந்தாலே கிரான் அதைத் தொடாது. `backup` என்று பெயரிட்டால் ஓடும், `backup.cron` என்றால் ஓடாது. ஸ்கிரிப்ட் எந்தக் கணக்கில் ஓடுகிறதோ அந்தக் கணக்கின் கடவுச்சொல் காலாவதியானாலும் கிரான் வேலையைத் தொடங்க மறுக்கலாம்.

இவற்றைவிட நயவஞ்சகமானது ஒன்று உண்டு. ஒரே வேலை இரண்டு முறை ஒன்றின் மேல் ஒன்றாக ஓடக்கூடாது என்று `flock -n` போட்டு வைத்திருப்பார்கள். அது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு நாள் பேக்கப் பாதியில் தொங்கி, முடியாமல், சாகாமல் நின்றுவிட்டால் பூட்டு அதன் கையிலேயே இருக்கும். அடுத்த இரவு வரும் வேலை பூட்டைப் பார்த்துவிட்டு ஒரு வரியும் எழுதாமல் திரும்பிவிடும். அதற்கடுத்த இரவும் அப்படியே. கிரான் பதிவேட்டைப் பார்த்தால் தினமும் தொடங்கியதாகவே இருக்கும், பேக்கப் மட்டும் இருக்காது.

எனவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். தோற்றால் சொல் என்று ஸ்கிரிப்டைக் கேட்பதை நிறுத்துங்கள். முடித்தால் சொல், குறித்த நேரத்துக்குள் நீ சொல்லாவிட்டால் நான் மணி அடிக்கிறேன் என்று வெளியில் ஒருவர் காத்திருக்கட்டும். ரயில் எஞ்சினில் இதே ஏற்பாடு இருக்கிறது. லோகோ பைலட் சிறிது நேரம் எந்தக் கட்டுப்பாட்டையும் தொடாவிட்டால் விளக்கு எரியும், பிறகு ஒலி எழும், அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் தானாக விழும். மயங்கியவர் உதவி கேட்க மாட்டார் என்பதால் அவருடைய மௌனமே அங்கே எச்சரிக்கை ஆகிறது. ஸ்கிரிப்டிலிருந்து ஒழுங்காக வரும் அந்தச் சிறு சமிக்ஞையைத்தான் ஹார்ட்பீட், அதாவது துடிப்பு என்கிறோம்.

ஒரு மொத்த விற்பனைக் கடையின் பில்லிங் டேட்டாபேஸை எடுத்துக்கொள்வோம். தினமும் இரவு 2 மணிக்குப் பேக்கப் தொடங்குகிறது. வழக்கமாக 12 நிமிடத்தில் முடியும், மாதக் கடைசியில் 40 நிமிடம் வரை இழுக்கும். கோப்பு சுமார் 80 எம்.பி. வரும். துடிப்பைக் கேட்க ஹெல்த்செக்ஸ் என்ற சேவையை வைத்துக்கொள்வோம். சில வேலைகள் வரை அதை இலவசமாகப் பயன்படுத்தலாம். அதன் மூலநிரல் திறந்தது என்பதால் சொந்தச் சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம். அங்கே ஒரு வேலையைப் பதிந்தால் அதற்கென்று தனி முகவரி ஒன்று கிடைக்கும். அந்த முகவரியைத் தட்டுவதுதான் துடிப்பு.

```
#!/bin/bash
set -euo pipefail
OUT=/backup/kadai-$(date +%F).dump
pg_dump -Fc kadai > "$OUT"
SIZE=$(stat -c %s "$OUT")
[ "$SIZE" -gt 50000000 ]
curl -fsS -m 10 --retry 5 -o /dev/null \
  --data-raw "$(hostname) $SIZE" \
  https://hc-ping.com/your-uuid
```

இதில் முக்கியமானது வரிசை. `set -e` இருப்பதால் எந்தக் கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும், கடைசி வரியை எட்டாது. பேக்கப் எடுத்து, கோப்பின் அளவு 50 எம்.பி.க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே முகவரியைத் தட்டுகிறது. பலர் இதை கிரான் வரியிலேயே `backup.sh ; curl ...` என்று அரைப்புள்ளி வைத்து எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் பேக்கப் தோற்றாலும் துடிப்பு போகும். பொய்த் துடிப்பு, துடிப்பே இல்லாததைவிட மோசமானது, ஏனென்றால் திரையில் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு எல்லோரும் தூங்கப் போய்விடுவார்கள். ஒரே வரியில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் `&&` போடுங்கள்.

`-m 10` பத்து விநாடிக்கு மேல் காத்திருக்காதே என்கிறது, `--retry 5` இணையம் சற்றுத் தடுமாறினால் மறுபடி தட்டிப் பார்க்கச் சொல்கிறது. இவை இல்லாவிட்டால் வலைப்பின்னல் கொஞ்சம் கண் சிமிட்டியதற்கெல்லாம் நள்ளிரவில் போன் அலறும்.

அடுத்தது பொறுமை நேரம். வேலை எப்போது நடக்க வேண்டும் என்பதை `0 2 * * *` என்று கிரான் மொழியிலேயே சேவைக்குச் சொல்லலாம். அதற்கு மேல் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும்? 15 நிமிடம் என்று வைத்தால் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பொய் எச்சரிக்கை வரும். மூன்றாவது மாதம் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். 12 மணி நேரம் என்று வைத்தால் கடை திறந்து பாதி வியாபாரம் முடிந்த பிறகு தெரியவரும். வழக்கத்திலேயே மிக நீண்ட ஓட்டம் 40 நிமிடம் என்பதால், அதற்குச் சற்று மேலாக ஒரு மணி நேரம் வைக்கலாம். 3 மணிக்குள் துடிப்பு வராவிட்டால் எச்சரிக்கை, கடை திறக்கும் முன்பே கையால் ஒரு பேக்கப் எடுத்துவிட அவகாசம் இருக்கும். நேர மண்டலத்தையும் பாருங்கள். சர்வர் யு.டி.சி. நேரத்தில் ஓடினால் அதன் 2 மணி நமக்குக் காலை 7.30. சேவையில் இந்திய நேரம் என்று பதிந்துவிட்டால் தினமும் தவறாமல் பொய் எச்சரிக்கைதான்.

எச்சரிக்கை எந்த வழியாக வருகிறது என்பதில் கவனம் தேவை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் அடைவை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால், அது சேர வேண்டிய கிளவுட் சேமிப்பு காலியாக இருந்தது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுத்த `pg_dump` 9.2. பதிப்பு பொருந்தாததால் பேக்கப் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல கிரான் மெயில்களும் போயின, ஆனால் டிமார்க் எனப்படும் மெயில் சரிபார்ப்பில் தேறாததால் பெறும் சர்வர் அவற்றைத் திருப்பியது. ஆறு மணி நேரம் முன்னதாக வேறொரு காரணத்துக்காக எடுத்திருந்த ஒரு நகல் இருந்ததால் பெரும்பகுதி மீண்டது. அந்த ஆறு மணி நேரத் தரவு மீளவில்லை. இதையெல்லாம் அந்த நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது.

அங்கே எச்சரிக்க வேண்டிய கடமை முழுவதும் தோற்றவன் தலையில் இருந்தது. அவன் எழுதிய கடிதம் வாசலிலேயே திரும்பிவிட்டது. துடிப்புமுறையில் அந்தக் கடமை கேட்பவருக்கு மாறுகிறது. அதனால்தான் கேட்பவர் அதே சர்வரில் இருக்கக்கூடாது. அதே அலுவலக வலைப்பின்னலில், அதே மின் இணைப்பில்கூட இருக்கக்கூடாது. செலவு மிச்சம் என்று பேக்கப் சர்வரிலேயே இன்னொரு கிரான் போட்டு, கோப்பு புதியதா என்று பார்க்க வைக்கிறார்கள். கிரானே நின்றால் இரண்டும் சேர்ந்து நிற்கும்.

யாருக்குச் செய்தி போக வேண்டும் என்பதையும் முதல் நாளே பேசி முடியுங்கள். வேலையை விட்டுப் போனவருடைய தனி மெயிலுக்குப் போய்க்கொண்டிருக்கும் எச்சரிக்கைகள் எத்தனையோ அலுவலகங்களில் உண்டு. குழுவுக்கான பொது முகவரி ஒன்று, அந்த வாரம் பொறுப்பில் இருப்பவரின் போனுக்கு டெலிகிராம் ஒன்று என இரண்டு வழி போதும். இதற்கு நேரம் கேட்டு மேலாளரிடம் போகும்போது கிரான் விளக்கம் வேண்டாம். "சார், இன்னிக்கு ராத்திரி பேக்கப் நின்னுபோச்சுன்னா நமக்கு எப்போ தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் "தெரியாது" என்றால் அரை நாள் கிடைத்துவிடும்.

ஏற்பாடு முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். கிரான் வரியின் முன்னால் `#` போட்டு ஓர் இரவு பேக்கப்பை நிறுத்துங்கள், அன்றைய பேக்கப்பைக் கையால் எடுத்துவிட்டு. 3 மணிக்குச் செய்தி வந்ததா, யாருடைய போனில் வந்தது, அவர் விழித்தாரா? இன்னோர் இரவு அளவு வரம்பை 500 எம்.பி.க்கு உயர்த்திப் பாருங்கள், ஸ்கிரிப்ட் ஓடியும் துடிப்பு போகக்கூடாது. சோதனை முடிந்ததும் இரண்டையும் பழையபடி மாற்ற மறக்காதீர்கள்.

துடிப்பு எதைச் சொல்லாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் முடிந்தது, கோப்பு நியாயமான அளவில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கோப்பிலிருந்து டேட்டாபேஸை மீட்க முடியுமா என்பது வேறு கேள்வி. மாதம் ஒரு முறை வேறொரு கணினியில் `pg_restore` செய்து, நேற்றைய பில்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கும் வேலையைத் தனியாக வைத்து, அதற்கும் தனித் துடிப்பு கொடுங்கள்.

அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் நகலெடுத்த சர்வர். சோதனைக்காக உண்மைச் சர்வரை அப்படியே பிரதியெடுக்கிறார்கள். அதனுடன் ஸ்கிரிப்ட், கிரான், துடிப்பு முகவரி மூன்றும் கூடவே போகின்றன. இப்போது ஒரே முகவரியை இரண்டு சர்வர்கள் தட்டுகின்றன. சில மாதம் கழித்து உண்மைச் சர்வரில் பேக்கப் நிற்கிறது, சோதனைச் சர்வர் தினமும் தட்டிக்கொண்டிருப்பதால் விளக்கு பச்சையிலேயே இருக்கிறது. மேலே ஸ்கிரிப்டில் `hostname` சேர்த்தது இதற்காகத்தான், பிரதியின் பெயரை மாற்றியிருந்தால் எந்தச் சர்வர் தட்டியது என்று ஒவ்வொரு துடிப்பிலும் பதிவாகும். ஒரே இரவில் இரண்டு துடிப்பு தெரிந்தால் உடனே பிரதியைத் தேடிப் பிடியுங்கள். முகவரியை ஸ்கிரிப்டுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வைத்து, பிரதியெடுத்ததும் முதலில் நீக்க வேண்டியவற்றின் பட்டியலில் அந்தக் கோப்பையும் சேர்த்துவிடுங்கள்.