ஓர் ஆசிரியைக்கு எவ்வளவு?

கணக்குப் பாடத்தில் சராசரி காண்பது எளிது. ஆனால் ஆசிரியர் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்கு வரவு செலவுத் திட்டம் போடுகையில், அதே சராசரி நம்மை ஏமாற்றியும் விடும். காரைக்குடியில் 40 ஆசிரியைகளுக்கு இரண்டு நாள் பட்டறை நடத்துவதாக வைத்துக்கொண்டு, எடுத்துக்காட்டுத் தொகைகளைப் போட்டு நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம்.

முதலில், தலைக்கணக்கில் ஏறாத செலவு. பயிற்சியாளர் சென்னையிலிருந்து வருகிறார். அவருக்கு நாளொன்றுக்கு 4,000 வீதம் மதிப்பூதியம் 8,000 ரூபாய். பிற்பகலில் எழும்பூரில் புறப்படும் பல்லவன் விரைவு வண்டி இரவில்தான் காரைக்குடி வந்து சேரும். இங்கிருந்து திரும்புவதோ விடியற்காலையில். ஆகவே அவ்வண்டியில் வந்து போகிறவருக்கு, பட்டறை இரண்டு நாளேயானாலும், அறை மூன்று இரவுக்கு வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுவர். அறைக்கு 3,000, பயணத்திற்கு 1,500, ஒலிபெருக்கிக்கு 1,500. ஆக மொத்தம் 14,000 ரூபாய். பத்துப் பேர் வந்தாலும் நாற்பது பேர் வந்தாலும் இது மாறாது.

அடுத்து, தலைக்கணக்கில் ஏறுவது. இரண்டு நாள் உணவும் தேநீரும் 300. கோப்பு, குறிப்பேடு, அச்சிட்ட பாடக்குறிப்பு, அட்டைகள் ஆகியவை 150. (உணவில் மட்டும் கை வைக்கக் கூடாது. நம் செட்டிநாட்டில் சாப்பாடு சரியில்லையென்றால் பயிற்சியைப் பற்றி யார் பேசுவார்கள்?) 40 பேருக்கு 18,000. மொத்தச் செலவு 32,000, தலைக்கு 800. அதையே கட்டணமாக வைத்தோம்.

இப்போது 28 பேர்தான் வருகிறார்கள் என்போம். வரவு 22,400. பொருள்களை 40 பேருக்கும் முன்பே வாங்கியாயிற்று; அந்த 6,000 போனதுதான். முதல்நாள் மாலையே சமையற்காரரிடம் சொல்லிவிட்டால் உணவுச் செலவு 8,400 ஆகக் குறையும். நிலையான 14,000-ஐயும் சேர்த்தால் செலவு 28,400. துண்டு விழுவது 6,000 ரூபாய்! கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிப் பெயர்ப் பட்டியலை முடித்துவிட்டுப் பொருள் வாங்கினால் இது குறையும்.

அரசுப் பயிற்சிகளில் இச்சிக்கலை வேறு வழியில் தீர்த்தார்கள். 2018-இல் சமக்ர சிக்ஷாவுடன் இணைக்கப்பட்ட அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் விதிகளில், வட்டார அளவில் தங்கிப் பயிலும் பயிற்சிக்கு ஓர் ஆசிரியருக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் என்றிருந்தது. அந்த வீதத்தில் 28 பேருக்கு இரண்டு நாளைக்குக் கிடைப்பது 11,200 ரூபாய். நம் நிலையான செலவுக்கே போதாது. ஆனால் தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களில் மாதச் சம்பளம் பெறும் ஆசிரியர் பயிற்றுநர்கள் உண்டு. அவர்களே பாடம் நடத்தினால் தனி மதிப்பூதியமும் இல்லை, மூன்று இரவு அறையும் இல்லை. கிடைக்கும் தொகையை உணவுக்கும் பொருள்களுக்கும் செலவிடலாம்.