"மீதி டெலிவரியில்"னா எப்போ?

போன லீவுல கோயம்புத்தூர்ல ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறையில இன்டர்ன்ஷிப் பண்ணேன். வெல்டிங் கத்துக்கப் போனவனுக்கு ஓனர் அண்ணா முதல்ல கொடுத்த வேலை, கொட்டேஷனோட போகிற மெசேஜை டைப் பண்றது. ஒரு அரிசி ஆலைக்கு பெல்ட் கன்வேயர். நான் அனுப்பினது இதுதான்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் விசாரணைக்கு நன்றி. கொட்டேஷன் இணைத்துள்ளோம். விலை ரூ.1,60,000. ஜிஎஸ்டி தனி. 40% அட்வான்ஸ், மீதி டெலிவரியில். வேலிடிட்டி 15 நாள். டெலிவரி 4 வாரம்."

பார்க்க நீட்டாத்தான் இருக்கு. ("விசாரணை"ன்னு எழுதினதுக்கு, "நாம என்ன போலீஸ் ஸ்டேஷனா தம்பி?"ன்னு அண்ணா கேட்டது தனிக்கதை.) ஆனா இதுல இருக்கிற ஒவ்வொரு வரியையும் ரெண்டு விதமா படிக்கலாம். ஆலைக்காரர் அவருக்கு வசதியான விதத்துல படிச்சார். அதை தப்புன்னு சொல்லவே முடியாது.

முதல்ல அட்வான்ஸ். எதுல 40%? அவர் 1,60,000-ல கணக்குப் போட்டு 64,000 அனுப்பினார். நாங்க எதிர்பார்த்தது 18% ஜிஎஸ்டியும் சேர்ந்த 1,88,800-ல 40%, அதாவது 75,520. வித்தியாசம் 11,520 ரூபாய். ஸ்டீல் வாங்க வெச்சிருந்த காசுல அவ்வளவு குறைஞ்சுது. சதவீதத்தை மட்டும் எழுதாம ரூபாயையும் எழுதியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.

இதே இடத்துல இன்னொரு சிக்கலும் இருக்கு. சில பேர் முன்பணத்தை "டெபாசிட்"னு எழுதுவாங்க. வீட்டு வாடகை டெபாசிட் மாதிரி, முழுசா திரும்பி வர்ற காசுன்னுதான் படிக்கிறவர் நினைப்பார். பில்லில் கழியுமா, ஆர்டர் கேன்சல் ஆனா என்ன ஆகும்னு ரெண்டையும் சொல்லிடணும். பெயரை வெச்சு யாரும் ஊகிக்கிற மாதிரி விடக்கூடாது.

அடுத்தது "மீதி டெலிவரியில்". எங்களுக்கு அது லாரியில ஏத்துறதுக்கு முன்னாடி. அவருக்கு அது ஆலையில இறக்கி, மாட்டி, நெல் மூட்டை ஓட்டிப் பார்த்த பிறகு. நடுவுல சில வாரம் ஓடிடும். அதனால பணம் கொடுக்க வேண்டிய நேரத்தை, ரெண்டு பேரும் கண்ணால பார்க்கக்கூடிய ஒரு நிகழ்ச்சியோட கட்டணும். அவருக்கும் ஒரு நியாயம் இருக்கு: ஓடுமான்னு தெரியாம எப்படி முழுக் காசும் தருவார்? அதனால பட்டறையிலேயே ஓட்டிக் காட்டிட்டு காசு கேட்கிறதுதான் சரியான இடம்.

கடைசியா "15 நாள்". கொட்டேஷன் தேதி ஜூன் 3. அவர் 16-ஆம் தேதி போன்ல "சரி, செஞ்சுடுங்க"ன்னார். பணம் வந்தது 22-ஆம் தேதி. அதுக்குள்ள ஸ்டீல் விலை ஏறிடுச்சு. 15 நாளுக்குள்ள ஆர்டர் வந்துதா, வரலையா? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 6 படி, ஏற்றுக்கொள்ள ஒரு காலம் குறிச்சிருந்தா, அது முடிஞ்சதும் அந்த ஆஃபர் காலாவதி. ஆனா எதைச் செஞ்சா ஏற்றுக்கொண்டதா கணக்குன்னு நாங்க எழுதலையே. அதனால பழைய விலைக்கே செஞ்சு கொடுத்தோம்.

அடுத்த தடவை இப்படி எழுதினோம், அதே கணக்கை வெச்சு:

"ஐயா, நீங்கள் கேட்ட கன்வேயருக்கான கொட்டேஷன் இதோடு உள்ளது.

மொத்த விலை: ரூ.1,60,000 + ஜிஎஸ்டி 18% ரூ.28,800 = ரூ.1,88,800. லாரி வாடகை இதில் சேராது.

முன்பணம்: ரூ.75,520. இறுதி பில்லில் இது கழிக்கப்படும். பொருள் வாங்கும் முன் ஆர்டரை ரத்து செய்தால் முழுவதும் திருப்பித் தருவோம். வாங்கிய பின் என்றால், வாங்கிய பொருளின் பில் தொகை போக மீதியைத் தருவோம்.

மீதி: ரூ.1,13,280. எங்கள் பட்டறையில் ஓட்டிக் காட்டிய பிறகு, லாரியில் ஏற்றும் முன்.

இந்த விலை ஜூன் 18 வரை. அன்றைக்குள் எழுத்தில் ஆர்டரும் கணக்கில் முன்பணமும் வர வேண்டும். பிறகு வந்தால் புது விலை சொல்வோம்.

முன்பணம் வந்த நாளிலிருந்து 4 வாரத்தில் தயாராகும்."

நீளம் கூடிடுச்சுதான். ஆனா போன் பக்கத்துல இல்லாத அக்கவுண்டன்ட் படிச்சாலும் என்னிக்கு எவ்வளவு அனுப்பணும்னு தெரிஞ்சுடும். அனுப்புறதுக்கு முன்னாடி பிடிஎஃப்-ஓட கடைசிப் பக்கத்தையும் ஒரு தடவை பாருங்க. அங்க பழைய "30% அட்வான்ஸ்" அப்படியே கிடக்கும். மெசேஜ்ல ஒண்ணு, கொட்டேஷன்ல ஒண்ணுன்னு இருந்தா மறுபடி அதே சண்டைதான்.

அதே மாதிரி, பர்ச்சேஸ் ஆர்டர் வந்ததும் அதுல பேமென்ட் வரியைப் படிக்கணும். பெரிய கம்பெனின்னா அவங்க ஃபார்ம்ல "பில் தேதியிலிருந்து 60 நாள்"னு அச்சடிச்சே இருக்கும். அதே சட்டத்துல பிரிவு 7, ஏற்பு நிபந்தனையில்லாம இருக்கணும்னு சொல்லுது. அப்போ அது நம்ம ஆஃபருக்கு "சரி" இல்ல, அவங்க வைக்கிற புது ஆஃபர். அதைக் கவனிக்காம வேலையை ஆரம்பிச்சா, அவங்க 60 நாளுக்கு நாம தலையாட்டின மாதிரி ஆயிடும். அண்ணா இப்போ பர்ச்சேஸ் ஆர்டர் வந்தா முதல்ல அந்த வரியைத்தான் சிவப்புப் பேனாவுல வட்டம் போடுறார், டிராயிங் எல்லாம் அப்புறம்.