வாரிசுச் சான்றிதழ் மனு இப்போது யார் கையில்?

வீட்டில் ஒருவர் மவுத்தாகிவிட்டால் வங்கிப் பணம், பட்டா, ஓய்வூதியம் என்று எதற்குப் போனாலும் முதலில் கேட்பது வாரிசுச் சான்றிதழைத்தான். கொடுப்பவர் தாசில்தார். ஆனால் மனு நேராக அவரிடம் போய்விடாது. இ-சேவை மையத்தில் பதிந்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் போகும். அவர் விசாரித்துப் பரிந்துரைத்தால் வருவாய் ஆய்வாளரிடமும், அவரும் பரிந்துரைத்த பிறகே தாசில்தாரிடமும் போகும்.

நம்மவர்கள் பலர் முதல் நாளிலிருந்தே தாலுகா அலுவலகத்துக்கு நடக்கிறார்கள். வி.ஏ.ஓ.விடமே நிற்கும் மனுவுக்குத் தாசில்தார் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? ஒப்புகைச் சீட்டில் உள்ள மனு எண்ணை இ-சேவை மையத்தில் கொடுத்து, யாரிடம் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இறந்தவருக்கு மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். அவருடைய உம்மாவும் உயிரோடு இருக்கிறார். மூத்த மகன் மனுச் செய்கிறார். தாயார் இத்தாவில் இருப்பதால் அவர் அலைய வேண்டியதில்லை. வாரிசுகளில் யாரும் விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ. பரிந்துரைத்துவிட்டார், ஆய்வாளரிடம் நாட்கள் நீள்கின்றன. அப்போது தாசில்தாருக்கு இப்படி எழுதலாம்:

“பொருள்: வாரிசுச் சான்றிதழ் மனு எண் … – வருவாய் ஆய்வாளர் அறிக்கை வேண்டி.

என் தந்தையாரின் வாரிசுச் சான்றிதழுக்கு … தேதியில் விண்ணப்பித்தேன். கிராம நிர்வாக அலுவலர் … தேதியில் பரிந்துரைத்துவிட்டார். மனு தற்போது வருவாய் ஆய்வாளரிடம் உள்ளது. அவர் விசாரணையை முடித்துத் தங்களுக்கு அனுப்பிட அறிவுறுத்துமாறும், அறிக்கை வந்தபின் சான்றிதழ் வழங்குமாறும் வேண்டுகிறேன்.”

‘விரைந்து நடவடிக்கை எடுக்கவும்’ என்று மட்டும் எழுதினால் எவர் எடுப்பது என்று கடிதம் சொல்லாது. இங்கே முடிந்தது எது, அடுத்துச் செய்ய வேண்டியவர் யார், அவருக்குப் பிறகு யார் என்பது மூன்று வரியில் வந்துவிடுகிறது. நகல் ஒன்றை ஆய்வாளருக்கும் கொடுங்கள். தன்னை விட்டு மேலே புகார் போனதாக அவர் நினைக்க மாட்டார். இரண்டு இடத்திலும் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சில சமயம் மனு திருப்பி அனுப்பப்பட்டிருக்கும். நாமோ அது அலுவலகத்தில் தூங்குகிறது என்று காத்திருப்போம். மேலே சொன்ன வீட்டில் உம்மாவின் பெயரை விட்டிருந்தால் அப்படி நடக்கலாம். பிள்ளைகள் இருக்கும்போதும் இறந்தவரின் தாய்க்கு ஆறில் ஒரு பங்கு உண்டு என்பது நமக்குத் தெரியும். விண்ணப்பம் நிரப்பும்போதுதான் மறந்துவிடுகிறோம். (சான்றிதழ் பெயர்களைத்தான் சொல்லும், பங்கைச் சொல்லாது.) இப்போது அடுத்த கை மகனுடையது. உம்மாவின் பெயரையும் ஆதாரையும் சேர்த்து அவர் திரும்ப அனுப்பும்வரை எந்த அதிகாரியாலும் எதுவும் செய்ய முடியாது. அனுப்பியதும் மறுபடி எண்ணைத் தட்டி, மனு வி.ஏ.ஓ.விடம் போயிருக்கிறதா, ஆய்வாளரிடம் போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவரைப் போய்ப் பார்க்கட்டும்.