வினிகரும் சமையல் சோடாவும்: சேர்த்தால் இரண்டும் வீண்

நோயாளிக்கு வெந்நீர் வைக்கும் கெட்டிலின் அடியில் வெண்ணிறப் படிவு சேர்ந்துவிட்டால், சமையல் சோடாவைத் தூவி அதன்மேல் வினிகரை ஊற்றுவது பல வீடுகளில் உள்ள வழக்கம். உடனே பொங்கும் நுரையைக் கண்டு, கறை கரைகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கரைவது கறையன்று, நாம் ஊற்றிய வினிகரின் வலிமையே.

வினிகர் ஓர் அமிலம். கடின நீர் விட்டுச்செல்லும் சுண்ணாம்புப் படிவை அது கரைக்கும். சமையல் சோடா ஒரு மென்மையான காரம். அதன் நுண்ணிய துகள்கள் பிசுக்கைத் தேய்த்து அகற்றும். புளித்த வாடையையும் தணிக்கும். அமிலமும் காரமும் சந்தித்தால் ஒன்றையொன்று முறித்துவிடுகின்றன. எஞ்சுவது தண்ணீரும், சோடியம் அசிடேட் என்னும் உப்பும், நுரையாக வெளியேறும் கரியமில வாயுவுமே. இவற்றுள் எதுவும் படிவைக் கரைக்காது.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கடையில் கிடைக்கும் வினிகரில் பொதுவாக 5 விழுக்காடு அமிலம் உள்ளது. ஒரு தேக்கரண்டி சோடா ஏறத்தாழ 5 கிராம். அது சுமார் 70 மில்லி வினிகரை முழுவதுமாக முறித்துவிடும். நுரை அடங்கியபின் கெட்டிலில் இருப்பது உப்புக் கரைந்த தண்ணீரே. இரண்டில் ஒன்று மிகுதியாக இருந்தால், முறியாமல் மிஞ்சிய பகுதி மட்டும் வேலை செய்யும். நுரை தளர்வான அழுக்கைச் சற்றே அசைக்கலாம், அதற்குமேல் பயனில்லை.

இதை வீட்டிலேயே அறியலாம். படிவின்மேல் வினிகரை மட்டும் விட்டால் சிறு குமிழிகள் மெல்ல எழும். அவை படிவு கரைவதன் அடையாளம். சோடாவுடன் சேரும்போது எழும் நுரையோ அமிலம் சோடாவிலேயே செலவாவதன் அடையாளம்.

ஆகவே தனித்தனியே பயன்படுத்துங்கள். கெட்டிலில் வினிகரும் நீரும் சம அளவில் ஊற்றி, சூடாக்கி, அரை மணி நேரம் வைத்திருந்து கொட்டுங்கள். பின்னர் நல்ல நீரை ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள். பிசுக்கேறிய பாத்திரத்திற்குச் சோடாவைச் சிறிது நீரில் குழைத்துத் தேய்த்தால் போதும். இரண்டையும் கலந்து மூடிய புட்டியில் வைக்க வேண்டாம். வாயு அழுத்தத்தால் புட்டி வெடிக்கக்கூடும்.

பராமரிப்பாளர்களுக்கு நாங்கள் வலியுறுத்துவது இதுதான்: இவ்விரண்டும், தனியாகவோ கலந்தோ, நம்பத்தகுந்த கிருமிநாசினிகள் அல்ல. நோயாளியின் இரத்தமோ மலமோ பட்ட தரையை நுரையை நம்பி விட்டுவிடாதீர்கள். முதலில் அழுக்கைத் துடைத்தெடுத்துவிட்டு, அதற்குரிய கிருமிநாசினியை அதன் உறையில் குறித்த அளவிலும் நேரத்திலும் பயன்படுத்துங்கள். அது பிளீச்சாக இருந்தால் வினிகரை அருகிலும் கொண்டுவராதீர்கள். இரண்டும் கலந்தால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு வெளிப்படும்.