குறிப்பெடுத்தலும் அன்றே திருப்பிப் பார்த்தலும்

மாணவர்களே! ஆசிரியர் பேசும் வேகத்திற்கு நம் கை எழுதாது. ஆகவே வகுப்பில் சொற்களைச் சுருக்கி எழுதுகிறோம். சுருக்கத்தில் விடுபட்டதை நம் நினைவே நிரப்புகிறது. நினைவு மங்கியபின் அச்சுருக்கம் நம்மைத் தவறான வழியிலும் செலுத்திவிடும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் அறிவோம்.

வல்லினம் மிகும், மிகா இடங்களைக் கற்பித்த நாளில் மாணவி ஒருத்தி தன் ஏட்டில் இவ்வாறு எழுதியிருந்தாள்:

உ.தொ. – மிகாது. செடி.

எழுதிய பொழுதில் அவளுக்குப் பொருள் தெளிவாகவே இருந்தது. பத்து நாள் கழித்துத் தேர்வுக்குப் படித்தபோது, 'உ.தொ.' என்பதை உவமைத்தொகை என்று எண்ணிக்கொண்டாள். தேர்வில் 'முத்துபல்' என்று எழிதினாள் என்பதன்று வியப்பு, அவள் குறிப்பே அவ்வாறு எழுதச் செய்தது. ஆசிரியர் கூறியதோ உம்மைத்தொகையைப் பற்றி. இரண்டும் 'உ' என்றே தொடங்குவதால் பிழை நேர்ந்தது.

அன்று மாலையே அவள் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் இதனைத் தவிர்த்திருக்கலாம். அப்பொழுது செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, சுருக்கங்களை முழுச்சொற்களாக விரித்தெழுதுக. இரண்டாவது, எடுத்துக்காட்டை நிறைவு செய்து, அதனோடு மயங்கக்கூடியதையும் அருகில் எழுதுக:

உம்மைத்தொகை – வல்லினம் மிகாது. செடி + கொடி = செடிகொடி (செடியும் கொடியும்).
உவமைத்தொகை – வல்லினம் மிகும். முத்து + பல் = முத்துப்பல் (முத்துப் போன்ற பல்).

மூன்றாவது, ஏட்டின் இடப்பக்கம் விட்டுவைத்த ஓரத்தில், "எந்தத் தொகையில் மிகாது? ஏன் 'செடிகொடி'?" என்பன போன்ற வினாக்களை எழுதுக. பின்னர்க் குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு விடையை வாய்விட்டுச் சொல்க. விடை வராத இடத்தில் கேள்விக்குறி இட்டு, மறுநாள் வகுப்பில் ஆசிரியரிடம் கேட்டறிக.

ஏன் ஒரு நாளுக்குள்? செருமானிய உளவியலறிஞர் எர்மான் எபிங்காசு, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம் மறதியையே அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே மிக விரைவாக நிகழ்கிறது என்றும், பின்னர் அதன் வேகம் குறைகிறது என்றும் அவர் கண்டார். பொருளுள்ள பாடம் அவ்வளவு விரைவில் மறவாது, எனினும் 'உ.தொ.' போன்ற சுருக்கம் பொருளற்ற அசையை ஒத்ததே.

குறிப்பை அழகிய கையெழுத்தில் மீண்டும் படியெடுப்பது மட்டும் திருப்பிப் பார்த்தல் ஆகாது. அதில் கை உழைக்கும், நினைவு சோதிக்கப்படாது.

பயிற்சி

1. பின்வரும் வகுப்புக் குறிப்புகளை விரித்தெழுதி, எடுத்துக்காட்டை நிறைவு செய்க.
அ) வி.தொ. – மிகாது. ஊறு.
ஆ) ப.தொ. – மிகும். பச்சை.

2. சேர்த்தெழுதித் தொகையின் பெயரைக் குறிப்பிடுக.
அ) இரவு + பகல்
ஆ) மலர் + கை

3. இன்றைய தமிழ் வகுப்பில் நீ எடுத்த குறிப்பிலிருந்து, இருபொருள் தரக்கூடிய சுருக்கம் ஒன்றைக் கண்டறிந்து இன்று மாலையே திருத்துக.