மலை உயரமும் சிறுநீரகக் கட்டியும்: உடல் ஆக்சிஜனை அளக்கும் விதம்

ஹீமோகுளோபின் குறைந்தால் கவலைப்படும் குடும்பத்தினர், அது கூடியிருந்தால் பெரும்பாலும் மகிழ்ச்சியடைகின்றனர். "பதினெட்டு இருக்கிறது டாக்டர், இரத்தம் நன்றாக ஊறியிருக்கிறது" என்று அறிக்கையை எங்களிடம் நீட்டுவோர் உண்டு. ஆணுக்கு 16.5 கிராமுக்கு மேலும், பெண்ணுக்கு 16 கிராமுக்கு மேலும் இவ்வளவு நீடித்தால், அதன் காரணத்தை நாங்கள் தேடத் தொடங்குவோம். உடலில் நீர்ச்சத்துக் குறைதல், புகைப்பழக்கம், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், நுரையீரல் நோய் எனக் காரணங்கள் பல. அரிதாக, அது சிறுநீரகத்தில் வளரும் ஒரு கட்டியின் அடையாளமாகவும் இருக்கலாம். கட்டிக்கும் சிவப்பணுக்களுக்கும் என்ன தொடர்பு என்பதை அறிய, முதலில் மலை ஏற வேண்டும்.

லடாக்கின் லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செல்லும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. சமவெளியிலிருந்து அங்கே செல்பவர் உடனடியாக வேகமாக மூச்சு வாங்குகிறார். சில மணி நேரத்திற்குள் அவருடைய சிறுநீரகங்கள் எரித்ரோபொய்டின் என்னும் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கின்றன. அது எலும்பு மஜ்ஜையைத் தூண்ட, அடுத்த சில வாரங்களில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. மலைக்குச் சென்றவருக்கு ஹீமோகுளோபின் உயர்வது இயல்பே.

ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று சிறுநீரகத்திற்குச் சொன்னது யார்? நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் 'ஹிஃப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு புரதம் உண்டு. ஆக்சிஜன் குறைவால் தூண்டப்படும் காரணி என்பது அதன் பொருள். உயிரணு இதை இடைவிடாமல் உற்பத்தி செய்துகொண்டே, சில நிமிடங்களுக்குள் அழித்தும் விடுகிறது. வீண் செலவுபோலத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உள்ளது: அழிப்பதற்கு ஆக்சிஜன் தேவை. ஒரு நொதி ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஹிஃப் புரதத்தின்மேல் ஓர் அடையாளம் இடுகிறது. 'வி.எச்.எல்.' என்னும் மற்றொரு புரதம் அந்த அடையாளத்தைக் கண்டுகொண்டு, ஹிஃப்பை உயிரணுவின் கழிவு அரைக்கும் இயந்திரத்திற்கு அனுப்பிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் நொதியால் அடையாளம் இட இயலாது. அழிவு நிற்கிறது, ஹிஃப் சேர்கிறது. புதிதாக எதையும் உருவாக்கத் தொடங்க வேண்டியதில்லை என்பதால் எச்சரிக்கை விரைவாக எழுகிறது. சேர்ந்த ஹிஃப் உயிரணுவின் கருவுக்குள் சென்று, தன் இணைப் புரதத்துடன் கூடி, பல மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அவற்றுள் ஒன்று எரித்ரோபொய்டினுக்கானது; இன்னொன்று புதிய இரத்தக்குழாய்களை முளைக்கச் செய்வது; வேறு சில, ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையிலிருந்து ஆற்றல் பெற உதவுபவை. இந்த ஏற்பாட்டை வெளிக்கொணர்ந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இனி கட்டிக்கு வருவோம். ஆக்சிஜன் ஓர் இரத்தக்குழாயிலிருந்து மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு தொலைவுவரைதான் பரவ முடியும். புற்றுநோய்க் கட்டி தன் இரத்தக்குழாய்களை மிஞ்சி வளரும்போது, உட்புற உயிரணுக்களுக்கு ஆக்சிஜன் எட்டுவதில்லை. சென்னையில் இருக்கும் ஒருவரின் கட்டிக்குள் சில இடங்கள், ஆக்சிஜனைப் பொறுத்தவரை, லேயைவிட உயரமான மலைச் சிகரங்களே. அங்கும் அதே ஹிஃப் சேர்கிறது. அதே மரபணுக்கள் விழிக்கின்றன. உடலைக் காக்க ஏற்பட்ட வழி கட்டிக்கு இரத்தம் தேடித்தரும் வழியாகிவிடுகிறது. ஆனால் அங்கே முளைக்கும் குழாய்கள் கோணலும் கசிவும் உடையவை. அவற்றில் இரத்தம் சீராக ஓடாததால் ஆக்சிஜன் குறைவு முழுவதுமாகத் தீர்வதில்லை. இத்தகைய பகுதிகளில் கதிர்வீச்சுச் சிகிச்சையின் வலுவும் குறைகிறது.

சிறுநீரகப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் தெளிவணு வகையில் நடப்பது இதனினும் விந்தையானது. அங்கே பெரும்பாலும் வி.எச்.எல். மரபணுவே பழுதாகியிருக்கும். ஆக்சிஜன் தாராளமாக இருக்கிறது, அடையாளமும் இடப்படுகிறது. அதைப் படித்து ஹிஃப்பை அகற்றும் ஆள்தான் இல்லை. எனவே கட்டி எப்போதும் மலைமேல் இருப்பதாகவே நடந்துகொள்கிறது. மலைக்குச் சென்றவர் சமவெளிக்குத் திரும்பினால் ஹிஃப் சில நிமிடங்களில் மறையும். இந்தக் கட்டிக்கு அத்தகைய திரும்புதல் கிடையாது. பெரும்பாலானோரில் இப்பழுது கட்டிக்குள் மட்டுமே நேர்ந்தது, பிள்ளைகளுக்குச் செல்லாது. பிறவியிலேயே இம்மரபணுவின் ஒரு பிரதி பழுதாக உள்ள சில குடும்பங்களில் சிறுநீரகம், சிறுமூளை, விழித்திரை ஆகியவற்றில் கட்டிகள் தோன்றும். அவர்களுக்குத் தனியான கண்காணிப்பு வேண்டும்.

விளக்கத்திற்காக ஒருவரை எண்ணிக்கொள்வோம். வயது 56, புகைப்பழக்கம் இல்லை, ஹீமோகுளோபின் 18.4. விரல்நுனிக் கருவியில் ஆக்சிஜன் செறிவு 98 விழுக்காடு. ஆக, நுரையீரலில் குறையில்லை. அடுத்து எரித்ரோபொய்டின் அளவைப் பார்க்கிறோம். மஜ்ஜை தானாகவே மிகையாக உற்பத்தி செய்யும் இரத்த நோயாக இருந்தால் இது பெரும்பாலும் தாழ்ந்திருக்கும், இவருக்கோ உயர்ந்திருக்கிறது. ஆக்சிஜன் நிறைந்திருக்கையில் ஆக்சிஜனுக்கு ஏங்கும் ஹார்மோன் ஏன் உயர வேண்டும்? வயிற்று ஸ்கேனில் வலது சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிகிறது. அறுவைக்குப் பின் ஹார்மோன் விரைவில் தணிந்தாலும், சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால் ஹீமோகுளோபின் இறங்கச் சில வாரங்கள் ஆகும். பின்னாளில் அது மறுபடி ஏறினால், கட்டி திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும்: சிறுநீரகப் புற்றுநோய் உள்ளவர்களில் மிகச் சிலருக்கே ஹீமோகுளோபின் இப்படி உயர்கிறது, இரத்தசோகைதான் அதிகம். எனவே ஹீமோகுளோபின் இயல்பாக இருப்பது கட்டி இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஹிஃப்பின் ஒரு வகையை அதன் இணைப் புரதத்துடன் சேரவிடாமல் தடுக்கும் பெல்சூட்டிஃபான் என்னும் மாத்திரைக்கு 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. முதலில் மேற்சொன்ன பரம்பரை நோய்க்கு, பின்னர் முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கும். இதை உட்கொள்வோரில் பெரும்பாலோருக்கு இரத்தசோகை உண்டாகிறது. அது விளங்காத பக்கவிளைவன்று. எரித்ரோபொய்டின் சுரப்பதும் அதே வழியில் என்பதால், மருந்து வேலை செய்யும் இடத்திலிருந்தே வருவது. சிலருக்கு உடலின் ஆக்சிஜன் செறிவும் குறையும். ஆகவே இம்மாத்திரை எடுப்போரின் ஹீமோகுளோபினையும் விரல்நுனி அளவையும் தவறாமல் பார்க்கிறோம்; வீட்டில் மூச்சிரைப்போ மிகுந்த களைப்போ தோன்றினால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் தெரிவிக்க வேண்டும்.

கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவென்றால் வீட்டில் சிலிண்டர் வைத்துக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். விரலில் 98 காட்டும் ஒருவரின் இரத்தம் ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்துள்ளது. மேலும் கொடுக்கும் ஆக்சிஜன், குழாய் சென்றடையாத இடத்திற்குச் சென்று சேராது. தெளிவணுக் கட்டியிலோ குறையே ஆக்சிஜனில் இல்லை. விரல்நுனி அளவு தாழ்ந்திருப்போருக்கு மட்டும், அதன் காரணத்தைப் பார்த்து, நாங்கள் ஆக்சிஜன் எழுதித் தருகிறோம்.